ரத்தம் கொடுத்தால் தெம்பு போய்விடுமா? மேடையிலிருந்து இறங்கி மயங்கி விழுந்தவன் மாற்றி எழுதிய பேச்சு

ரத்த தானம் செய்தால் எந்தப் பலவீனமும் வராது என்று மைக்கைப் பிடித்து அடித்துச் சொல்லிவிட்டு, அடுத்த நாற்பதாவது நிமிடம் அதே ஹாலில் மயங்கி விழுந்தவன் நான். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என்னிடம்தான். அதனால் ரத்த தான நாளுக்கு யார் பேசுவது என்று தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை. "சார், நீங்களே பேசிடுங்க, நீங்களே முதல்ல கொடுத்துடுங்க, பெற்றோர்களுக்கும் ஒரு தைரியம் வரும்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இதுபோலப் பேசப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான நாள். இந்தியாவில் ரத்த மாற்று மருத்துவத்தை வளர்த்த டாக்டர் ஜே. ஜி. ஜாலியின் பிறந்த நாள் அது. ஆனால் எங்களுக்கு அந்தத் தேதி காலாண்டு விடுமுறையில் விழுந்ததால், பள்ளி திறந்து வந்த முதல் சனிக்கிழமைக்கு முகாமை வைத்தோம். புரட்டாசிச் சனிக்கிழமை. எனக்கு அன்று விரதம். காலையில் ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான். தோரணம் கட்டுவது, நாற்காலி போடுவது, ரத்த வங்கி வண்டிக்கு வழி சொல்வது என்று அலைந்ததில் தண்ணீர் கூடச் சரியாகக் குடிக்கவில்லை. அதற்கு முந்தைய இரவு பேச்சைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்ததில் நாலு மணி நேரம்தான் தூங்கியிருப்பேன்.

பேச்சு என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. கர்ணன், சிபி, பாரி எல்லோரும் வந்தார்கள். உயிர் காக்கும் உதிரம் என்று எதுகை மோனை. நடுவில் ஒரே ஒரு வரிதான் அறிவியல்: "ரத்தம் கொடுத்தால் பலவீனம் வரும் என்பது வெறும் மூடநம்பிக்கை. ஒன்றுமே ஆகாது. எறும்பு கடித்த மாதிரிதான்." கைதட்டல் வந்தது. பிறகு படிவம் கொடுத்தார்கள். கடைசி நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டீர்களா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. எனக்குப் பின்னால் அறுபது பெற்றோர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திட்ட அலுவலரே சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று திருப்பி அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? ஆம் என்று டிக் அடித்தேன். அந்தப் பொய்யில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ரத்த வங்கிக்காரர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்கள்.

கொடுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏழெட்டு நிமிடத்தில் பை நிறைந்துவிட்டது. பத்து நிமிடம் படுத்திருங்கள் என்றார் நர்ஸ். நான் இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தேன். முதலில் ஒரு கொட்டாவி வந்தது. அப்புறம் இன்னொன்று. கழுத்தில் சில்லென்று வியர்த்தது. பேசுகிறவர்கள் குரலெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது மேஜையைப் பிடிக்கப் போனேன், மேஜை அங்கே இல்லை. விழித்தபோது என் கால்களை இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நர்ஸ் என் கன்னத்தைத் தட்டி, "சார், காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லை.

மயக்கம் என்னவோ ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டது. நஷ்டம்தான் தெளியவில்லை. கண்ணாடி உடைந்து 2,400 ரூபாய். முன்பல்லில் ஓரம் சிதைந்து, அதைச் சரிசெய்ய 1,500 ரூபாயும் இரண்டு மாலை நேரமும். அதைவிடப் பெரிய நஷ்டம் வரிசையில் ஏற்பட்டது. பேர் கொடுத்திருந்த அறுபத்திரண்டு பேரில் பதினேழு பேர்தான் கடைசியில் கொடுத்தார்கள். நான் விழுந்த கால் மணி நேரத்துக்குள் கட்டிலில் இருந்த ஒரு இளைஞரும் வரிசையில் நின்ற ஒரு அம்மாவும் கிறுகிறுத்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாவுக்கு இன்னும் ஊசியே போடவில்லை. ஒருவர் மயங்குவதைப் பார்த்தால் அடுத்தவருக்கும் வரும் என்று ரத்த வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியுமாம். அதனால்தான் கட்டில் போடும் இடத்தைத் திரை போட்டு மறைக்கச் சொல்கிறார்கள். நாங்களோ எல்லோருக்கும் தெரியட்டும் என்று மேடைக்கு எதிரிலேயே போட்டிருந்தோம். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் கரும்பலகையில் "எறும்பு கடித்த மாதிரிதான்" என்று எழுதியிருந்தது. அழித்துவிட்டுப் பாடம் எடுத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருடம் நானே பேசுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். அதற்குள் ஒரு விஷயம் புரிந்திருந்தது. பலவீனமே வராது என்று சொல்வது தப்பு. பலவீனம் வரும் என்று சொல்வதும் தப்பு. எது குறையும், எவ்வளவு குறையும், எத்தனை நாளில் திரும்பும், யாருக்கு அது தெரியும் என்று கணக்காகச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் கேட்பதும் அதைத்தான். நாம் கர்ணனைக் காட்டி அவர்கள் வாயை அடைக்கிறோம்.

பயங்களைச் சேகரிப்பதில் இருந்து தொடங்கினேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் ரத்த தானம் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிவரச் சொன்னேன். "ஒரு சொட்டு ரத்தம் ஊற ஒரு மாசம் ஆகும்னு அப்பத்தா சொல்லுது." "எங்கப்பா மூட்டை தூக்குறாரு, ரத்தம் கொடுத்தா வேலை பார்க்க முடியாது." "அம்மாவுக்கு ஏற்கெனவே தலை சுத்துது." "நம்ம சார் மாதிரி விழுந்துடுவாங்க." கடைசிச் சீட்டு மட்டும் ஏழு வந்தது. பேசப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். புத்தகத்தில் உள்ள தவறான நம்பிக்கைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், உங்கள் ஊரில் உள்ள பயம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

புதிய பேச்சை அந்தக் கடைசிச் சீட்டிலிருந்தே ஆரம்பித்தேன். "போன வருடம் இதே இடத்தில் நான் விழுந்ததைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். சிரிப்போடு பாதி ஹால் கை தூக்கியது. அதற்கு மேல் சபை என் பக்கம் வந்துவிட்டது. அன்று சொன்னதில் முக்கியமானவற்றை ஏறக்குறைய அப்படியே இங்கே எழுதுகிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

"அன்று நான் ஏன் விழுந்தேன்? உடம்பில் ரத்தம் தீர்ந்துபோய் இல்லை. வரிசையில் நின்ற அம்மாவுக்கும் மயக்கம் வந்ததே, அவரிடமிருந்து ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை. பயம், வலி, ஊசியைப் பார்ப்பது, வெறும் வயிறு, தூக்கமின்மை, இவை சேரும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பு சில பேருக்குக் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிடும். இதயத்துடிப்பு மெதுவாகும். கால் பக்கத்து ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியும். ரத்தம் காலில் தங்கிவிட, அழுத்தம் இறங்கி, தலைக்கு வேண்டியது போய்ச்சேராது. உடனே உடம்பு நம்மைக் கீழே சாய்த்துவிடும். படுத்துவிட்டால் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன, அதனால் ஒரு நிமிடத்தில் தெளிகிறோம். நான் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, போதாததற்கு வெடுக்கென்று எழுந்து நடந்தேன். 350 மில்லி கொடுத்ததும் இவற்றோடு சேர்ந்துகொண்டது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் அன்று கொடுத்த பதினேழு பேரும் விழுந்திருக்க வேண்டும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மயக்கம் வரப்போவதை எப்படித் தெரிந்துகொள்வது என்று சொன்னேன். கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, வயிற்றைப் பிரட்டுதல், காது அடைப்பது, முகம் வெளுப்பது. இதில் ஒன்று வந்தாலும் வெட்கப்படாமல் நர்ஸிடம் சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும், பக்கத்தில் யாரும் இல்லையென்றால் தரையில். நின்றுகொண்டு சமாளிக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் பல் உடைகிறது. வராமல் தடுக்கவும் வழி உண்டு. ஊசி போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது ஒன்று. கட்டிலில் படுத்திருக்கும்போது கால்களைப் பின்னிக்கொண்டு தொடைத் தசைகளை ஐந்து எண்ணும் வரை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்குவது இன்னொன்று. காலில் தேங்கும் ரத்தத்தைத் தசை மேலே தள்ளிவிடும். மேடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து செய்து காட்டினேன். இந்தப் பயிற்சி எனக்கு முன்பே தெரியாமல் போயிற்றே என்பது என் பெரிய வருத்தம். உயிரியல் எடுப்பவன், வேகஸ் நரம்பைப் படம் போட்டுப் பாடம் நடத்துகிறவன், அதை என் காலோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

அடுத்து அப்பத்தாவின் கேள்வி. இதற்குப் பேசுவதைவிடக் காட்டுவது நல்லது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றைக் கழுவி, அதில் பீட்ரூட் கரைத்த தண்ணீரை நிரப்பி வைத்திருந்தேன். "பெரியவர்கள் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி ரத்தம். என் எடை 68 கிலோ, அப்படியானால் 4,760 மில்லி. இந்தக் கேன் அளவுக்குக் கிட்டத்தட்ட. அதிலிருந்து இவ்வளவுதான் எடுக்கிறார்கள்" என்று சொல்லி 350 மில்லியைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் காட்டினேன். பதினாலில் ஒரு பங்கு. கேனைத் தூக்கிக் காட்டியபோது மட்டம் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. முன்வரிசையில் ஒரு பாட்டி "இம்புட்டுத்தானா?" என்று சத்தமாகவே கேட்டார். 55 கிலோவுக்கு மேல் இருப்பவர்களிடம் 450 மில்லி எடுக்கும் பையும் உண்டு. 45 கிலோவுக்குக் கீழ் இருந்தால் எடுக்கவே மாட்டார்கள். உடம்பு சின்னதாக இருந்தால் அதே 350 மில்லி பெரிய பங்காகிவிடும் என்பதால்தான் அந்த வரம்பு.

பிறகு கேனில் இறங்கிய அளவுக்கு வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். "நாளைக்கோ நாளை மறுநாளோ உங்கள் ரத்தமும் இப்படித்தான் இருக்கும். அளவு பழையபடி வந்துவிடும், ஏனென்றால் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி ஒன்றிரண்டு நாளில் திரும்பிவிடும், நீங்கள் தண்ணீர், மோர், ரசம் என்று குடித்தால் போதும். ஆனால் நிறத்தைப் பாருங்கள். கொஞ்சம் வெளுத்திருக்கிறது. சிவப்பணுக்கள் அவ்வளவு சீக்கிரம் வராது. ஹீமோகுளோபின் 14, அதாவது நூறு மில்லி ரத்தத்தில் 14 கிராம், இருந்தவருக்கு ஏறக்குறைய 13க்கு இறங்கும். எலும்பு மஜ்ஜை தினமும் புதிய சிவப்பணுக்களைச் செய்துகொண்டேதான் இருக்கிறது, குறைந்ததைத் தெரிந்துகொண்டு வேகத்தைக் கூட்டும், முழுதாக ஈடுகட்ட நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும். ஆக அப்பத்தா சொல்வதில் பாதி உண்மை. ஒரு சொட்டுக்கு ஒரு மாதம் இல்லை, ஒரு பைக்கு ஒன்றிரண்டு மாதம்." என்னைக் கேட்டால் அந்தப் பாதி உண்மையை ஒப்புக்கொண்ட இடத்தில்தான் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

14 என்பது 13 ஆனால் ஆளுக்குத் தெரியுமா? நடக்க, சமைக்க, பாடம் நடத்த, வண்டி ஓட்ட, எதற்கும் மறுநாளிலிருந்து தெரியாது. அன்றைக்குச் சிலருக்கு அசதி இருக்கும், சீக்கிரம் தூக்கம் வரும். முழு மூச்சில் ஓடுபவருக்கு மட்டும் தெரியும். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வருடா வருடம் மாவட்ட மூத்தோர் தடகளத்தில் ஓடுகிறவர். போட்டிக்கு முன்னால் கொடுக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, கொடுக்காதீர்கள் என்றேன். உச்ச வேகத்தில் ஓடும்போது ஆக்ஸிஜன் சுமக்கும் சிவப்பணு கொஞ்சம் குறைந்தாலும் நேரத்தில் காட்டிவிடும், இரண்டு மூன்று வாரத்துக்காவது இருக்கும். போட்டி முடிந்து கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூட்டை தூக்கும் அப்பாவுக்கான பதிலை மிகவும் யோசித்துத்தான் எழுதினேன். ஒரு நாள் கூலி போனால் என்னவென்று தெரியாமல் மேடையில் நின்று பேசுவது எளிது. அவர் அன்று வந்திருந்தார். பேச்சு முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "சார், கொடுத்துட்டு மத்தியானம் லோடு இறக்கப் போலாமா? உண்மையச் சொல்லுங்க" என்றார். "போகாதீங்கண்ணே. இன்னிக்கு அந்தக் கையில கனம் தூக்கினா ஊசி போட்ட இடத்துல மறுபடி ரத்தம் கசிஞ்சு நீலம் பாரிக்கும். வெயில்ல குனிஞ்சு நிமிர்ந்தா தலை சுத்தும். நாளைக்கு உங்களுக்கு லீவுன்னா இன்னிக்குக் கொடுங்க, இல்லைன்னா லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரத்த வங்கிக்கே போய்க் கொடுக்கலாம்" என்றேன். மறுநாள் ஞாயிறு, மார்க்கெட் இல்லை. கொடுத்தார். உயரத்தில் ஏறி வேலை செய்பவர்கள், லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான், அன்றைக்கு அந்த வேலை வேண்டாம். சிலருக்கு மயக்கம் உடனே வராமல், இரண்டு மணி நேரம் கழித்து பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதோ வெந்நீரில் குளிக்கும்போதோ வரும். படிக்கட்டிலோ சாலையிலோ வந்தால் ஆபத்து என்பதால்தான் அந்த எச்சரிக்கை. ஒன்றுமே ஆகாது என்று மேடையில் சொல்லிவிட்டால் இதையெல்லாம் யாரும் கேட்கவும் மாட்டார்கள், நாம் சொல்லவும் மாட்டோம்.

இரும்புச்சத்து பற்றியும் பேசினேன், ஆனால் ஒரே ஒரு கணக்கோடு நிறுத்திக்கொண்டேன். ஹீமோகுளோபின் 14 இருப்பவர் 350 மில்லி கொடுத்தால் அதில் போவது சுமார் 49 கிராம் ஹீமோகுளோபின். ஒரு கிராமில் 3.4 மில்லிகிராம் இரும்பு. பெருக்கினால் கிட்டத்தட்ட 170 மில்லிகிராம். சாதாரணமாக நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் சிவப்பணு திரும்பிய பிறகும் இரும்புக் கையிருப்பு பழைய அளவுக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். ஆண்கள் அடுத்து கொடுக்க 90 நாளும், மாதவிடாயில் ஏற்கெனவே இரும்பை இழக்கும் பெண்கள் 120 நாளும் பொறுக்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருப்பதற்கு இந்தக் கையிருப்பு முக்கியமான காரணம். அடிக்கடி கொடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லது.

சாப்பாடு என்றதும் பீட்ரூட், மாதுளை என்று ஹாலில் குரல் வந்தது. கேனில் இருந்த சிவப்புத் தண்ணீரைக் காட்டி, நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டிலும் இரும்பு குறைவுதான் என்றேன். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும்தான் பேர் போனவை. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல், பழைய சிவப்பணுக்களை உடைக்கும் உறுப்பு, அதனால் அதில் இரும்பு நிறைந்திருக்கும். ரத்தம் ஊற சுவரொட்டி கொடு என்று நம் பாட்டிகள் சொன்னதில் நூற்றுக்கு நூறு நியாயம் இருக்கிறது. புரட்டாசியில் இதைச் சொன்னதற்கு ஒரு டீச்சர் முறைத்தார். சைவத்துக்குக் கீரை, எள், பயறு வகைகள், கூடவே எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காய் சேர்த்தோ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராமல் போகும், ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

எதிர்ப்புச் சக்தி குறையும், குண்டாகிவிடுவோம், இளைத்துவிடுவோம் என்ற மூன்று சீட்டுகளுக்கு ஒரு நிமிடம்தான் செலவழித்தேன். வெள்ளணுக்கள் சில நாளில் சரியாகிவிடும், எடை எந்தப் பக்கமும் போகாது, அவ்வளவே. ஆண்மைக்குறைவு வருமா என்ற கேள்வி மட்டும் மைக்கில் வராது, தண்ணீர் டிரம் பக்கத்தில் ரகசியமாகத்தான் வரும். அன்று மூன்று பேர் கேட்டார்கள். ரத்தத்திலிருந்து விந்து உருவாகிறது என்ற பழைய நினைப்பிலிருந்து வரும் பயம் அது. விரைகளில் விந்தணு உண்டாவதற்கும் கொடுத்த பைக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். தனியாகக் கேட்க ஒரு இடமும் ஒரு ஆளும் முகாமில் இருந்தால் கேட்பார்கள். இல்லையென்றால் கேட்காமலே போய்விடுவார்கள்.

"அம்மாவுக்கு ஏற்கெனவே தலை சுத்துது" என்ற சீட்டுக்குப் பதில் சொல்ல எனக்கு மயில்துத்தம் என்ற காப்பர் சல்பேட் உதவியது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். கரைசலின் அடர்த்தியை 1.053 என்று சரியாக வைத்திருப்பார்கள். சொட்டு கல்மாதிரி அடியில் இறங்கினால் ஹீமோகுளோபின் 12.5 அல்லது அதற்கு மேல், கொடுக்கலாம். மிதந்தாலோ தயங்கி நின்றாலோ கொடுக்க முடியாது. இப்போது பல இடங்களில் சின்னக் கருவி வந்துவிட்டது, எங்களுக்கு வந்தவர்கள் இரண்டும் வைத்திருந்தார்கள். "உங்களிடம் போதுமான அளவு இல்லையென்றால் இவர்களே எடுக்க மாட்டார்கள். ஆகவே கொடுத்ததால் வரும் பலவீனத்துக்குப் பயப்படுவதற்கு முன்னால், கொடுக்காமலே இருக்கும் பலவீனம் உண்டா என்று பாருங்கள்" என்றேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தப் பேச்சைக் கேட்டு எங்கள் சத்துணவுக் கூடத்து அக்கா வந்து விரலை நீட்டினார். சொட்டு மிதந்தது. கருவியில் 9.6 காட்டியது. "எனக்கு வயசாகுதுன்னுல்ல நினைச்சேன்" என்றார். இரண்டு வருடமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். திங்கட்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கிவிட்டார். நான்கு மாதத்தில் 11.8 வந்திருக்கிறது, இன்னும் கொடுக்க முடியாது, ஆனால் படி ஏறுகிறார்.

பேச்சு மொத்தம் பன்னிரண்டு நிமிடம். முந்தைய வருடம் முப்பத்தைந்து. காலை எட்டரைக்கே பேசி முடித்து, உடனே எல்லோருக்கும் இட்லி போட்டோம். அதற்கு ஆன 3,200 ரூபாயை ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டோம். முகாமை நடத்துபவர்கள் பேனருக்குச் செலவழிப்பதை இட்லிக்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. கட்டில்களைப் பக்கத்து வகுப்பறைக்கு மாற்றி, ஜன்னலில் சேலையைக் கட்டி மறைத்தோம். 18 வயது ஆகாததால் பிள்ளைகள் யாரும் கொடுக்க முடியாது. அவர்களை ஓய்வு அறையில் உட்கார வைத்து ஒரே வேலை கொடுத்தேன்: கொடுத்துவிட்டு வருபவரைப் பதினைந்து நிமிடம் பேச்சுக் கொடுத்து எழவிடாமல் பார்த்துக்கொள்வது, யாராவது கொட்டாவி விட்டால் நர்ஸைக் கூப்பிடுவது. பெரியவர்களைவிடக் கறாராகச் செய்தார்கள். அன்று நாற்பத்தி நாலு பேர் கொடுத்தார்கள். இரண்டு பேருக்குக் கிறுகிறுப்பு வந்தது, இருவரும் விழவில்லை.

நானும் கொடுத்தேன். போன வருடம் மயங்கியதை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னேன். எத்தனை நேரம் மயக்கம், வலிப்பு மாதிரி ஏதாவது வந்ததா, வேறு எப்போதாவது மயங்கியதுண்டா என்று கேட்டுவிட்டு, ஒரு முறை என்பதால் பரவாயில்லை, மறுபடி வந்தால் இனிமேல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுமதித்தார். சனிக்கிழமை விரதத்தை அந்த வாரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன், பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தை நீட்டியபோது அதே நர்ஸ்தான் உட்கார்ந்திருந்தார். படித்துப் பார்க்காமலே, "சார், என்ன சாப்பிட்டீங்க?" என்றார். "நாலு இட்லி, ஒரு வடை, அரை லிட்டர் தண்ணி." கட்டிலில் படுத்துக் கால்களைப் பின்னித் தொடையை இறுக்கினேன். எழுந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது பக்கத்தில் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு சார்" என்றான். என் பைக் சாவியும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.